அழுதுகொண்டே பதில் சொல்லலாம்

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். நேர்முகத் தேர்வு அறையில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது என் வேலையின் விதி; அதை உடைக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. "எழுதுங்க அக்கா. பேரப் போடாதீங்க. ஆனா அழுததையும் சேத்து எழுதுங்க, மறைச்சீங்கன்னா எனக்குக் கோவம் வரும்" என்றாள். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் ஆள் விவகாரங்களைப் பார்ப்பவள். வேலைக்கு ஆள் எடுப்பது, வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட்டைப் புதுப்பிப்பது, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைப்பது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வாய் நீளம் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வாய் நீளமாக இல்லாவிட்டால் இந்த மேசையில் ஒரு மாதம்கூட உட்கார முடியாது என்பது, அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் மேல் டிவிஷனில் வெளி வேலை சூப்பர்வைசர் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதும், மலையில் கொழுந்து வெட்டுவதை மேற்பார்ப்பதும், லோரிக்கு நேரத்தோடு இலையை அனுப்புவதும் அவர் வேலை. பதவியின் பெயர் சூப்பர்வைசர்; ஆட்கள் இன்னமும் கங்காணி என்றுதான் சொல்வார்கள். அந்த டிவிஷனில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்தை மாற்றுவதுதான் கஷ்டம்.

நான்கு பேர் மனுப் போட்டிருந்தார்கள். மூவர் ஆண்கள். அவர்களில் ஒருவர் கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டத்தில் ஆட்களை நடத்திய அனுபவம் உள்ளவர். நான்காவது அவள். எங்கள் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நாற்று மேடையில் தொடங்கி, பிறகு வெட்டு மிஷின் ஆட்களோடு மலைக்குப் போனவள். சூப்பர்வைசர் வேறு பக்கம் போகும்போது ஒரு குழுவை அவளே நடத்துவாள். அதற்குத் தனிப் பதவி இல்லை, தனிச் சம்பளமும் இல்லை.

கேள்வி கேட்க மூன்று பேர். ஒருவர் மேனேஜர். ஈப்போவில் படித்து வளர்ந்த தமிழர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். காலில் ஸ்போர்ட்ஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தாலும் ஆட்களுக்கு அவர் துரைதான். அடுத்தவர் பெரிய கிராணி. நாற்பது வருடமாக ஆபீஸ் கணக்கைப் பார்த்தவர், லயத்தில் பாதிப் பேருக்குச் சொந்தம், மீதிப் பேருக்குச் சொந்தத்தைவிட மேல். மூன்றாவது நான்.

எங்கள் தோட்டத்தில் நேர்முகத் தேர்வு என்றால் முன்பெல்லாம் இப்படித்தான் இருக்கும்: "உன் அப்பன் எப்படி இருக்கான்? சரி, திங்கக்கிழமை வந்துடு." இல்லையென்றால் "உனக்கு இது ஒத்துவராதுப்பா". நான் வந்த பிறகுதான் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் மூவரும் தனித்தனியாக மதிப்பெண், பேச்சு அதற்குப் பிறகு என்று கொண்டுவந்தேன். மலாயிலோ தமிழிலோ எதில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றும் சேர்த்தேன். பெரிய கிராணி முதல் நாளே, "என்ன தங்கச்சி, தெரிஞ்ச புள்ளைங்கள தெரியாத மாதிரி பாக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே, அதேதான் என்றேன்.

அறை சின்னது. அதன் ஜன்னல் பெரட்டுக் களத்தைப் பார்த்திருக்கும். வெளியே பெஞ்சில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். மேசையில் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ பெட்டியும் எப்போதும் வைத்திருப்பேன், உள்ளே வரும் எல்லோருக்கும். ஒருவர் அழுத பிறகு எழுந்து டிஷ்யூ தேடுவதைப் போல அவமானமான காட்சி வேறில்லை.

அவள் கடைசியாக வந்தாள். புதுச் சட்டை, இறுக்கிக் கட்டிய தலை. வெளியில் என்னை அக்கா என்று கூப்பிடுபவள், உள்ளே வந்ததும் மேடம் என்றாள். நானும் வெளியில் வா போ என்பவள், உள்ளே நீங்க என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம்.

முதல் நான்கு கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். ஐந்தாவதுதான் கடினமானது, மதிப்பெண்ணும் அதற்குத்தான் அதிகம். வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டியிருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள், இன்று நடந்தால் என்ன செய்வீர்கள்? மேனேஜர்தான் வாசித்தார். காய்கறித் தோட்டத்துக்காரர் இதற்கு ஒரு சூறாவளிக் கதையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, மரங்கள்தான் செய்தன.

அவள் வாயைத் திறந்தாள். "நாங்க மேல இருந்தோம். பின் மலையில இடி..." என்றாள். அதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு மடங்கியது, கண் நிறைந்து வழிந்தது. சத்தமில்லாத அழுகை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராக எங்களையே பார்த்தபடி அழுதாள்.

எந்த இடியைச் சொல்கிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேல் டிவிஷனில் மின்னல் விழுந்து ஒரு வங்காளதேசத்துக்காரர் அடிபட்டார். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. உயிர் பிழைத்தார், ஆனால் இடது கை திரும்பி வரவில்லை, ஊருக்கு அனுப்பி வைத்தோம். அன்று மலையில் அவளும் இருந்தாள் என்பதும் தெரியும். அதற்குமேல் நாங்கள் யாரும் அவளிடம் கேட்டதில்லை. தோட்டத்தில் இதற்குப் பெயர் மரியாதை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். யாராவது அழுதால் சுற்றி நின்று உடனே மூடி போட்டுவிடுவார்கள். விடு விடு, அழாத, மைலோ கலக்கிக் குடுங்கடி, பேச்ச மாத்துங்க. செத்த வீட்டில்கூட ஓர் அளவுக்கு மேல் அழ விடமாட்டார்கள். அன்பில்லாமல் இல்லை, அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு அழுகிறவர் சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிடும்.

பெரிய கிராணி சரியாக அதைத்தான் செய்தார். நாற்காலியை முன்னால் இழுத்து, "அழாத ஆயி. உன் அப்பனும் நானும் ஒண்ணா வேல செஞ்சவங்க, உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? இந்தக் கேள்வி வேணாம், விட்ரு. துரை, அடுத்ததுக்குப் போயிடுவோம் லா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வர்றீங்களா? நாங்க வேற டேட் போட்டுத் தர்றோம்" என்றார். அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர் அறையை விட்டு ஓடப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய தாளில் அந்தக் கேள்விக்கு நேராகச் சுழி விழும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இன்னொரு நாள் என்றால் வீங்கிய கண்ணோடு இப்போது அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போக வேண்டும். போனவள் திரும்பி வரமாட்டாள். கிராணி அன்பாகப் பிடுங்குகிறார், துரை நாகரிகமாகப் பிடுங்குகிறார். பிடுங்கப்படுவது அவளுடைய பதில்.

"கேள்விய யாரும் எடுக்க வேணாம். அது அவங்களோடது" என்றேன். சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். களத்தில் இரண்டு பேர் மோட்டர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை மேசையில் வைத்தேன். அழும்போது எதிரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் என்னத்தை எழுதுகிறார்களோ என்றுதான் மனம் போகும். எனக்குத் தெரியும். நான் இந்த வேலைக்கு வந்தபோது, கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாயா என்று ஒருவர் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டு, தண்டாசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வேலை கிடைத்தது. அன்று மேசைக்கு முன்னால் அழுதிருந்தால் கிடைத்திருக்காது என்று இன்றுவரை நம்புகிறேன், அதற்காக இன்றுவரை எரிச்சல்படுகிறேன்.

பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். தொடவில்லை. தோளில் கை வைத்தால் அவள் அந்த நொடியே உடைந்து என் மேல் சாய்ந்திருப்பாள். லயத்தில் அது சரி. இங்கே நான் மதிப்பெண் போடுகிறவள்.

"நேரம் இருக்கு" என்றேன். "இங்கயே இருக்கலாம். பின்பக்கமா வெளிய போய் மொகம் கழுவிட்டு வரலாம். இந்தக் கேள்விய கடைசில எடுத்துக்கலாம். வேணாம்னா விட்டுடவும் செய்யலாம். நீங்கதான் சொல்லணும். எது சொன்னாலும், அழுததுக்கு மார்க் கொறையாது."

கடைசி வாக்கியத்தை அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. என் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பிறகு யாரும் பேசவில்லை. கிராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேசைக்கு அடியில் அவர் காலைத் தட்டினேன். அந்த மாதிரி மௌனத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை இல்லை. ஆறுதல் சொல்வது சுலபம், அதில் நமக்கும் ஏதோ செய்துவிட்ட திருப்தி இருக்கும். பாக்டரியிலிருந்து வாட்டும் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். டிஷ்யூவைத் தொடவில்லை, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"மேடம், அழுதுக்கிட்டே பதில் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"கண்ணுதான் அழுவுது. வாய் வேல செய்யுது" என்றாள். சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

நான் பேனாவை எடுத்தேன். "எழுதிக்கவா?" என்று கேட்டேன், தலையாட்டினாள்.

"பின் மலையில இடி கேட்டுச்சு. மழ இன்னும் வரல. நான் மிஷினக் கீழ போடச் சொல்லி ஆளுங்கள எறக்கிட்டேன். எல்லாரும் கொட்டாய்க்கு வந்துட்டோம். அப்ப பழைய கங்காணி மோட்டர்ல வந்தாரு. லோரி நிக்குது, எல பத்தல, மழயே வரல, யாரு உன்ன எறக்கச் சொன்னதுன்னு ஏசுனாரு. எனக்கு வாய் வரல. நான் என்ன, கங்காணியா? திரும்ப ஏறச் சொன்னேன். நான்தான் சொன்னேன் துரை. அவரு எனக்குச் சொன்னாரு, நான் அவங்களுக்குச் சொன்னேன். அந்த அண்ணன் என்னயப் பாத்தாரு. பாத்துட்டு ஏறுனாரு."

மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். இறக்கிவிட்டார்கள் என்பதும், திரும்ப ஏற்றினார்கள் என்பதும் அவருக்குப் புதிது. எனக்கும் புதிது. கிராணி தலையைக் குனிந்துகொண்டார்.

"விழுந்தப்ப அவருக்கு மூச்சு இல்ல. மின்னல் அடிச்சவங்களத் தொட்டா நமக்கும் ஷாக் அடிக்கும்னு யாரும் கிட்ட போகல. தொடலாம்னு எனக்குத் தெரியும், டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க. நெஞ்சுல அமுக்குனேன். கை மாத்த இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் குடுத்து மாத்தி மாத்தி அமுக்குனோம். ஒருத்தர லோரிக்கு ஓடச் சொன்னேன், மத்தவங்கள மரத்துக்கிட்ட நிக்காம கீழ போகச் சொன்னேன். லோரி வர்றதுக்குள்ள மூச்சு வந்துடுச்சு. தானா ராத்தா ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் போனேன்."

முழுவதையும் அழுதபடிதான் சொன்னாள். குரல் இரண்டு மூன்று இடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, அதே வாக்கியத்திலிருந்து தொடர்ந்தாள். அன்று மனம் எப்படி இருந்தது, இரவில் தூக்கம் வருகிறதா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அது இந்த மேசைக்கு உரிய விஷயம் அல்ல. கேள்வியில் மிச்சமிருந்த பாதியை மட்டும் கேட்டேன்.

"இன்னிக்கு நடந்தா என்ன செய்வீங்க?"

"எறக்குவேன். எறக்குனா எறக்குனதுதான். அதுக்குத்தான் மேடம் இந்த வேலைக்கே மனுப் போட்டேன்."

மிச்சக் கேள்விகளும் முடிந்ததும் அவளைப் பின்பக்கமாக அழைத்துப் போய் முதலுதவி அறையில் உட்கார வைத்தேன். கூட யாராவது இருக்க வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். வீட்டுக்கு யாராவது கொண்டுவிட வேண்டுமா என்றேன். "முடிவு இன்னிக்கே சொல்வீங்கன்னு சொன்னாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள். சரியென்று பால் சேர்க்காத தே ஓ ஒன்றை வைத்துவிட்டு, கதவை அவள் விருப்பப்படி பாதி திறந்து விட்டுவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் இரண்டு ஆண்களும் பேசி முடித்திருந்தார்கள். மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச்சு என்ற விதி நான் கதவைத் தாண்டியதும் செத்துப்போயிருந்தது.

"பாவம்" என்றார் கிராணி. "நல்ல புள்ள. ஆனா மனசு தாங்காது தங்கச்சி. நாம வேல குடுத்து அந்தப் புள்ளயக் கொல்லக் கூடாது. கம்போங் ராஜா ஆளு தெம்பா இருக்கான்."

மேனேஜர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவளுடைய வரிசையின் கீழே உணர்ச்சிவசப்படுபவர் என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். "மேடம், காலைல களத்துல அத்தன ஆம்பளைங்க நிப்பாங்க. எதிர்த்துப் பேசுவாங்க. அங்க போய் அழுதா? அழுத புள்ளைக்குப் பாலுன்னு பதவிய குடுத்துட முடியுமா?"

"அந்தப் பழமொழி கேட்டு வாங்குறவங்களுக்கு, சார். இவங்க கேக்கல. பதில் சொன்னாங்க" என்றேன். "பழமொழிதான் வேணும்னா, சிரிக்கிற பொம்பளையையும் அழுகுற ஆம்பளையையும் நம்பாதேன்னு ஒண்ணு இருக்கு. அதப் பாத்தா அழுகுற பொம்பளைய நம்பலாம்."

கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜருக்கு வரவில்லை.

"நான் சீரியஸா கேக்குறேன், மேடம்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். இந்தத் தாள்ல எந்தக் கேள்வி, அழுவுறியா மாட்டியான்னு கேக்குது? காட்டுங்க. அன்னிக்கு மலையில ஒருத்தர் அழவே இல்ல. குரல் உசந்து, தெம்பா, மோட்டர்ல வந்து, ஆள திரும்ப ஏத்துனவரு. அவர நாம மால போட்டு அனுப்பி வச்சோம். நெஞ்ச அமுக்கி ஒரு உசுரக் காப்பாத்துனது இந்தப் பொண்ணு. மனசு தாங்காதவங்க செய்யிற வேலையா அண்ணே அது?"

எனக்குப் பயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மேனேஜர் நினைத்தால் எனக்கு வேறு மேசை காட்டிவிடலாம். ஆனாலும் அந்தச் சொல்லை வெட்டாமல் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். மூன்று கையெழுத்து இல்லாமல் தாள் தலைமை அலுவலகத்துக்குப் போகாது என்பதையும் நினைவூட்டினேன். மிரட்டல்தான். வேண்டுமென்றே மிரட்டினேன்.

பிறகு ஒரு வழி சொன்னேன். நான்கு பேரும் ஐந்தாவது கேள்விக்குச் சொன்ன பதிலை என் குறிப்பிலிருந்து அப்படியே வாசிக்கிறேன். யார் சொன்னது, எப்படிச் சொன்னார்கள் என்பதை மறந்துவிட்டு, சொன்னதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். குரலை ஏற்றாமல் இறக்காமல், கடை விலைப்பட்டியலை வாசிப்பதைப் போல வாசித்தேன். சூறாவளிக் கதையை அப்படி வாசித்தபோது அதில் முடிவென்று எதையும் அவர் எடுக்கவே இல்லை என்பது தெரிந்தது. அவளுடைய பதிலில் ஆபத்தைக் கண்டது, ஆளை இறக்கியது, அழுத்தத்தில் சறுக்கியது, அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டது, முதலுதவி, ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக் கொடுத்தது, இனி என்ன செய்வாள் என்பது எல்லாம் வரிசையாக இருந்தன. நாங்கள் தேட வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தவையும் அவைதாம்.

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தான் எழுதிய அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு அன்று முதல் ஒரு மதிப்பு. மதிப்பெண்ணைக் கூட்டினால் அவள்தான் முதல். கிராணியும் முழு மதிப்பெண் போட்டிருந்தார். "நான் அந்தப் புள்ளயக் காப்பாத்துறேன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார் மெதுவாக. தெரியும் அண்ணே என்றேன்.

"சோதனைக் காலம் மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாமா, சேஃப்டிக்கு?" என்று கேட்டார் மேனேஜர்.

"கம்போங் ராஜா ஆளா இருந்தா கூட்டிருப்பீங்களா சார்?"

"இல்ல."

"அப்ப இல்ல."

அவளைக் கூப்பிட்டேன். முகம் கழுவியிருந்தாள், இமை இரண்டும் தடித்திருந்தது. உட்காரச் சொன்னோம். மேனேஜர் எழுந்து நின்று, வேலை உங்களுக்குத்தான் என்றார். கிராணி சந்தோஷத்தில் கைதட்டவே போனார். எழுந்து கும்பிட்டு நன்றி சொல்வாள் என்று மூவரும் எதிர்பார்த்தோம் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் பதவி கிடைத்தால் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் எழவில்லை.

"துரை, ஒண்ணு கேக்கணும். இடி கேட்டா நான் ஆள எறக்குவேன். ஆபீசுக்குப் போன் போட்டு உத்தரவு கேட்டுட்டு எறக்க மாட்டேன். லோரி நின்னாலும் சரி, எல பத்தாம போனாலும் சரி, நான் சொன்னாத்தான் திரும்ப ஏறுவாங்க. யாரும் மோட்டர்ல வந்து மாத்திச் சொல்லக் கூடாது. நீங்களும்தான்."

கிராணி பதறிப்போனார். "ஆயி, கெடச்சத வாங்கிக்கம்மா. இதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார். மேனேஜர், "அது சரிதான், நான் ஒத்துக்குறேன். அதான் சொல்லிட்டேன்ல?" என்றார்.

"வாயால வேணாம் துரை. வேல லெட்டர்லயே எழுதிக் குடுங்க. முடியாதுன்னா அந்த வேல எனக்கு வேணாம். நான் மிஷினுக்கே போறேன்."

சொல்லும்போதே அவளுக்கு மறுபடி கண் நிறைந்து வழிய ஆரம்பித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அங்கே வேலை இல்லை, அவளுக்கு என் உதவி தேவைப்படவும் இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "நீங்களே சொல்லுங்க" என்றார் அவளிடம். "வார்த்தைக்கு வார்த்த எழுதுறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதுகொண்டே, சொல்லத் தொடங்கினாள். துரை தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் அவர் ஒரு சொல்லை மென்மையாக மாற்றப் பார்த்தார்.

"அது வேணாம் துரை" என்றாள். "நான் சொன்னத போடுங்க."